சேர்ப்பதும் இருக்கச் செய்வதும்



பணியிடத்தில் பன்முகத்தன்மை, உள்ளடக்கம் ஆகிய இரண்டையும் ஒன்றாகவே பேசி வருகிறோம். பலதரப்பட்டவர்களைப் பணியில் சேர்ப்பது பன்முகத்தன்மை. சேர்ந்தவர்கள் நிலைத்து, மற்றவர்களைப் போலவே வேலை செய்ய வழி செய்வது உள்ளடக்கம். முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் போகலாம். கொச்சி மெட்ரோ அதற்கு நல்ல சான்று.

2017 ஜூனில் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியது. குடும்பஸ்ரீ அமைப்பின் வழியாக நிலையப் பணிகளுக்கு ஆள் எடுத்தபோது 23 திருநர்களையும் தேர்வு செய்தார்கள். பயணச்சீட்டு வழங்குதல் முதல் துப்புரவு வரை, அவரவர் படிப்புக்கேற்ற பணி கிடைத்தது. நிறுவனத்திற்கு உழைக்க ஆள் கிடைத்தது. திருநர்களை அன்றாடம் பணியில் பார்க்கும் பழக்கம் பயணிகளுக்கு ஏற்பட்டது. இவை பன்முகத்தன்மையின் நன்மைகள்.

ஆனால் பணியில் சேர்ந்த 21 பேரில் 8 பேர் சில வாரங்களிலேயே விலகினார்கள். வேலை கடினம் என்பதால் அல்ல. நகரில் யாரும் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரவில்லை. வேறு வழியின்றி விடுதியில் தங்க வேண்டும். நாளுக்கு 400 ரூபாய் என்று கணக்கிட்டாலே மாதம் 12,000 ரூபாய் ஆகிவிடும். தொடக்க நிலைச் சம்பளம் அதற்கே போதாது. செய்தி வெளியான பிறகுதான் தங்குமிட ஏற்பாட்டில் கவனம் திரும்பியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, தடை இருந்த இடம். நிறுவனத்தின் கதவு திறந்தே இருந்தது. வீட்டுக் கதவு மூடியிருந்தது. தேர்வுப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்தத் தடை தெரியாது. ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் இருக்கிறார்கள், போனவர்கள் எதனால் போனார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

நம் பள்ளிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. அதோடு நிற்காமல், பணி செய்யத் தேவையான வசதிகளையும் செய்து தரச் சொல்கிறது. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் நம் பள்ளிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நியமன ஆணையோடு முதல் பகுதி முடிந்தது. சுற்றறிக்கையைக் கையெழுத்துக்காகச் சுற்றுக்கு விட்டால் அவரால் படிக்க முடியாது. அதையே திரைவாசிப்பான் படிக்கும் வகையில் தட்டச்சு செய்து கைப்பேசிக்கு அனுப்பினால் அவரே கேட்டுக்கொள்வார். படமாக எடுத்து அனுப்பினால் பெரும்பாலும் பயன்படாது. விடைத்தாள் திருத்த உதவியாளர் யார், வகுப்பறை தரைத்தளத்தில் கிடைக்குமா என்பதையும் அவர் வருமுன்பே முடிவு செய்ய வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. உதவும் பொறுப்பு முழுவதும் ஒரே சக ஆசிரியர் தலையில் விழுந்தால் சில மாதங்களில் அவருக்குச் சலிப்பு வரும். உதவி பெறுபவருக்கோ கேட்கவே கூச்சம் வரும். அதனால் அந்த வேலையைக் கால அட்டவணையிலேயே பகிர்ந்து எழுதிவிடுவது நல்லது. அப்போது அது யாருடைய தயவாகவும் இராது. பள்ளியின் வழக்கமான பணிகளில் ஒன்றாகிவிடும்.