பாரி மகளிர் பாட்டை வாசிக்கும் முன்

புறநானூற்றின் 112-ஆம் பாட்டை மேடையில் வாசிக்கப்போகிறீர்களா? முன்னுரைக்கு இரண்டு வாக்கியம் போதும்: "பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். தந்தையையும் மலையையும் இழந்த மகளிர் பாடுகிறார்கள்." முல்லைக்குத் தேர் தந்த கதை இங்கே வேண்டாம், அது கேட்பவரின் கவனத்தைத் தந்தையின் பெருமைக்கு இழுத்துவிடும். பாட்டோ மகளிரின் துயரம். நிலவைப் பற்றியும் முன்பே சொல்லிவிடாதீர்கள், பாட்டே சொல்லட்டும்.

மொத்தம் ஐந்தே அடிகள். முதலடியும் மூன்றாமடியும் ஒரே ஓசையில் நடக்கின்றன. இரண்டையும் ஒரே குரலில் வாசித்தால்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு காதில் விழும். மூன்றாமடிக்கு முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். நான்காமடியில் மூன்றே சீர்கள். அதன் பொருள் அடுத்த அடியில்தான் நிறைவடைகிறது. அங்கே நிறுத்தாமல், மலை பறிபோனதைச் சொல்லும் இடம்வரை போய்விட்டு, பிறகு சற்றே நில்லுங்கள். தந்தை இல்லை என்ற கடைசிச் சொற்கள் தனியாக ஒலிக்க வேண்டும்.