தேய்மானம் எழுதும் முறையும் கம்பனியின் இலாபமும்

(ஹெந்தளையில் தோட்டத் தலைவர்களுக்காக நடந்த வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சுவார்த்தையில் "இவ்வருடம் நட்டம்" என்ற பதில் வந்ததும் நாம் வாயடைத்துப் போகிறோம். அந்த நட்டம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. இன்று அதில் ஒரு வரியை மட்டும் பார்ப்போம்: பெறுமானத் தேய்வு.

ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு 100 இலட்சம் ரூபாவுக்கு ஓர் இயந்திரம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 5 வருடம் உழைக்கும். காசு முதல் நாளே போய்விட்டது. ஆனால் செலவை 5 வருடத்துக்கும் பங்கிட்டுத்தான் எழுத வேண்டும். தேய்மானம் கழிக்கு முன் தொழிற்சாலைக்கு வருடந்தோறும் 30 இலட்சம் மிஞ்சுகிறது என்போம்.

நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 20 இலட்சம் கழிப்பார்கள். ஐந்து வருடமும் இலாபம் 10 இலட்சம்.

குறைந்து செல் மீதி முறையில் எஞ்சிய பெறுமதியில் 40 வீதம் கழிப்பார்கள். முதல் வருடம் 40 இலட்சம். எனவே 10 இலட்சம் நட்டம். இரண்டாம் வருடம் மீதி 60 இலட்சத்தில் 24 இலட்சம். இலாபம் 6 இலட்சம். மூன்றாம் வருடம் 14.4 இலட்சம்; இலாபம் 15.6 இலட்சம். நான்காம் வருடம் இலாபம் 21.36 இலட்சம். இம்முறையில் மீதி பூச்சியமாகாது. ஆகவே கடைசி வருடம் எஞ்சிய 12.96 இலட்சத்தையும் கழித்தால் இலாபம் 17.04 இலட்சம்.

கூட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஐந்து வருட இலாபம் 50 இலட்சமே. கொழுந்தும் அதே, விற்பனையும் அதே, கைக்கு வந்த காசும் அதே. எந்த வருடம் எவ்வளவு காட்டப்படுகிறது என்பது மட்டுமே மாறுகிறது.

இது களவு அல்ல. ஆரம்பத்தில் அதிகம் உழைத்து, பிறகு பழுதுச் செலவு கூடும் இயந்திரத்துக்கு இரண்டாம் முறை பொருந்தும். வருடந்தோறும் ஒரே அளவில் பயன்தரும் கட்டடத்துக்கு முதலாவது முறை பொருந்தும். சொத்து தேயும் விதத்துக்கு ஏற்பவே முறையைத் தெரிய வேண்டும் என்றும், வருடந்தோறும் அதை மீளாய்வு செய்ய வேண்டும் என்றும் இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 சொல்கிறது. தேயிலைச் செடியும் இந்த நியமத்துக்குள் வரும் சொத்துத்தான். அதன் மேலுள்ள கொழுந்து வராது.

ஆகவே ஆண்டறிக்கை கைக்கு வந்தால் மூன்று இடங்களைப் பார்ப்போம். கணக்கீட்டுக் கொள்கைக் குறிப்பில் எந்த முறை, எத்தனை வருடம் என்று இருக்கும். முறையோ ஆயுட்காலமோ மாறியிருந்தால், அதனால் இலாபம் எவ்வளவு மாறியது என்று கேட்போம். பிறகு காசுப் பாய்ச்சல் கூற்றைத் திறப்போம். அங்கே தேய்மானத்தைத் திரும்பக் கூட்டியிருப்பார்கள், ஏனெனில் அவ்வருடம் அதற்காகக் காசு வெளியே போகவில்லை.

அதற்காக அந்தக் காசு முழுவதையும் நாம் சம்பளமாகக் கேட்க முடியாது. இயந்திரம் பழுதானால் புதியது வாங்க வேண்டும். இல்லையேல் தொழிற்சாலை நின்றுவிடும், வேலையும் போய்விடும். ஆனால் நம் உதாரணத்தின் முதல் வருடத்தைப் போல, தேய்மானம் கழிக்கு முன் 30 இலட்சம் மிஞ்சிய வருடத்தில் 10 இலட்சம் நட்டம் என்று சொன்னால், "எந்த முறையில்?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தக் கேள்வியோடு போவோம்.