மண்டபத்துக்கு ஒரு விளக்கு
(நமுனுகுலவில், கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது சனசமூக மண்டபத்துக்குச் சூரிய மின்சாரம் அமைக்க வேண்டும் என்ற பிரேரணையை முன்வைக்க என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது சங்கத்தின் பொதுப் பணம். ஆகவே கணக்கோடு பேசுவதே முறை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இந்தப் பதுளை மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மலை சரிந்தது, பாதைகள் அறுந்தன, பல இடங்களிலே நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட இரவில் லயனை விட்டு வெளியேறும் குடும்பம் பிள்ளைகளோடு எங்கே போகும்? இப்படியொரு மண்டபத்துக்குத்தான் வரும். அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும். உறவினருக்குச் செய்தி சொல்லத் தொலைபேசிக்கு உயிர் இருக்க வேண்டும். நாம் வாங்கப்போகும் பொருளை இந்த ஒரு தேவையைக் கொண்டே அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சில நண்பர்கள், "கூரை நிறையப் பலகை பூட்டி மின்சார சபைக்கு விற்கலாமே" என்றார்கள். 2016இல் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டத்தைத் தொடங்கிய பின் நாட்டிலே பலர் அப்படிச் செய்து பயன்பெற்றதும் உண்மையே. ஆனால் பற்றரி இல்லாமல் மின்கம்பியோடு மட்டும் இணைத்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அது பழுது அன்று. அறுந்த கம்பியைத் திருத்த வரும் தொழிலாளி, நம் கூரையிலிருந்து பாயும் மின்சாரத்தால் இறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வேர்ட்டரை அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். 2022 மார்ச் 31 அன்று நாட்டில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, அத்தகைய கூரைகளின் கீழும் இருள்தான். மேலும் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே மின்பாவனை குறைந்ததால், கூரைச் சூரிய அமைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. விற்பது வேறு, ஆபத்து இரவில் விளக்கேற்றுவது வேறு. நமக்கு வேண்டியது பற்றரியோடு கூடிய, தனித்து நிற்கும் சிறிய அமைப்பு.

எவ்வளவு சிறியது? மண்டபத்தின் ஒரு நாள் தேவையைக் கூட்டிப் பார்ப்போம். பத்து வாட் விளக்குகள் பத்து, ஐந்து மணி நேரம் எரிந்தால் அரை அலகு. இரண்டு மின்விசிறிகள் இரண்டு மணி நேரம் சுழல ஏறத்தாழ கால் அலகு. கூட்ட நாளில் ஒலிபெருக்கிக்கு மூன்றில் ஒரு பங்கு அலகுக்குச் சற்றுக் குறைவு. தொலைபேசிகளுக்கும் கைவிளக்குகளுக்கும் கால் அலகு வரை. இன்வேர்ட்டர் சும்மா இருக்கும்போதே முப்பது வாட் அளவு தின்னும். எட்டு மணி நேரத்துக்கு அதுவும் கால் அலகு. ஆக ஒன்றரை அலகு.

நல்ல வெயில் மாதத்தைக் கொண்டு கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். கார்த்திகை, மார்கழியிலே நம் மலை முகிலுக்குள் மூழ்கிக் கிடக்கும். அக்காலத்தில் ஒரு நாளின் வெளிச்சம் முழுவதையும் திரட்டினாலும் மூன்று மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்றே வைப்போம். கம்பியிலும் பற்றரியிலும் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். அப்படிப் பார்த்தால் 450 வாட் பலகைகள் இரண்டு போதும். அவை நாளொன்றுக்கு ஒன்றேமுக்கால் அலகு அளவில் தரும். பற்றரி ஐந்து அலகு கொள்ள வேண்டும். அதில் நான்கு அலகை எடுத்து, மிச்சத்தை விட்டுவைத்தால் அது நெடுநாள் உழைக்கும்.

அடைமழை நாளிலே பலகை மிகச் சொற்பமே தரும். அதை நம்ப முடியாது. அன்று பற்றரியின் நான்கு அலகே நம் கையிருப்பு. வழக்கம்போல் செலவிட்டால் மூன்றாம் நாளே தீர்ந்துவிடும். விசிறியையும் ஒலிபெருக்கியையும் நிறுத்தி, நான்கு விளக்குகளை ஆறு மணி நேரமும், தொலைபேசிகளுக்குக் கால் அலகும் என்று கட்டுப்படுத்தி, பகலில் இன்வேர்ட்டரையும் அணைத்து வைத்தால், நாளுக்கு முக்கால் அலகுக்குள் அடங்கும். வெயிலே இல்லாவிட்டாலும் ஐந்து நாள் தாக்குப்பிடிக்கலாம். அந்த விதியை இன்றே எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். கலியாண வீட்டாராயினும் மின்கேத்தலும் இஸ்திரிப்பெட்டியும் இதில் பூட்டலாகாது. இரண்டாயிரம் வாட் கேத்தல் அரை மணி நேரம் ஓடினால் ஓர் அலகு போய்விடும்; அது ஆபத்துக் காலத்தில் ஓர் இரவுக்கு மேற்பட்ட வெளிச்சம்.

பூட்டும் விதம் பற்றியும் சில சொற்கள். பலகையைத் தெற்கு நோக்கி, பத்துப் பாகைக்குக் குறையாமல் சாய்த்து வைத்தால் மழைநீர் தங்காது. பாசி பிடிப்பதும் குறையும். அதைத் தகரத்தில் அல்ல, தகரத்தின் கீழுள்ள மரச்சட்டத்தில் முடுக்க வேண்டும். கச்சான் காற்று தகரத்தையே கிளப்பும் என்பது நாம் அறிந்ததே. பக்கத்து மரத்தின் நிழல் பலகையின் ஒரு மூலையில் விழுந்தாலும் விளைச்சல் பெரிதும் குறையும்; கிளையை வெட்டிய பிறகே பூட்டலாம். இடிமின்னலுக்காக நிலக்கம்பி அவசியம். யாவற்றுக்கும் முன், தோட்டக் கட்டடத்தின் கூரையில் கைவைக்க நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

இனி, பெரியோர்கள் அஞ்சுவது எதற்கென்று எனக்குத் தெரியும். "முன்பும் சோலர் வந்தது, இரண்டு மூன்று வருடத்தில் அணைந்தது" என்கிறீர்கள். சரியே. 1997க்குப் பின் உலக வங்கியின் உதவியோடு கடனுக்கு வீட்டுச் சூரிய விளக்குகள் நாடெங்கும் பரவின. பலகை நன்றாகவே இருந்தது, அணைந்தது பற்றரி. அவை ஈயப் பற்றரிகள். அடிவரை உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். புதிது வாங்கக் காசு ஒதுக்கியவர் சிலரே. இன்றைய லித்தியம் பற்றரி ஒழுங்காக நடத்தினால் எட்டு, பத்து வருடம் உழைக்கும். ஆனால் அதுவும் ஒருநாள் சாகும் பொருளே.

ஆகவே பற்றரிக்கென்று தனி நிதி வேண்டும். புதிய பற்றரி மூன்று இலட்சம் ரூபா என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு மாதத்தில் அதைச் சேர்க்க மாதம் மூவாயிரம் தேவை. நூற்றைம்பது குடும்பங்கள் என்றால் ஒரு குடும்பத்துக்கு மாதம் இருபது ரூபா. விலைகள் மாறும், மூன்று இடங்களில் விலை கேட்டு, இரண்டு வருடத்துக்கொருமுறை இக்கணக்கைத் திருத்த வேண்டும். இப்பணத்தை வேறெந்தக் காரியத்துக்கும், கோயில் திருவிழாவுக்காயினும், தொடக்கூடாது என்று யாப்பிலேயே எழுதுவோம்.

வாலிபர்களுக்கு ஒரு வேலை உண்டு. மாலைதோறும் அன்று விளைந்த அலகை ஒரு கொப்பியில் குறியுங்கள். பற்றரி நிரம்பிவிட்டால் பலகை விளைச்சலைத் தானே குறைத்துக்கொள்ளும், அது குற்றமன்று. ஆனால் பற்றரி பாதியாயிருந்தும், நல்ல வெயிலடித்தும் விளைச்சல் பாதியானால் நிழலோ, அழுக்கோ, தளர்ந்த கம்பியோ காரணம். நிழலையும் அழுக்கையும் நீங்களே பாருங்கள். கம்பியில் மாத்திரம் கைவைக்க வேண்டாம். பகலிலே பலகைக் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதற்குத் தெரிந்தவரையே அழைக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது மூன்று: இரண்டு பலகையும் ஐந்து அலகுப் பற்றரியும் கொண்ட அமைப்பு, பற்றரி நிதி, சுவரில் மாட்டும் விதி. நிதிக்குச் சம்மதமில்லையென்றால் முதலாவதையும் நிராகரித்துவிடுங்கள். அடுத்த புயலில் எரியாத விளக்கை நம்பி மக்கள் இங்கே வருவதைவிட, விளக்கில்லை என்று அறிந்து குப்பி விளக்கோடு வருவது மேல். மூன்றையும் ஏற்பீர்களாயின், கை உயர்த்துங்கள்.