பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி: எது எங்கே போகணும்?

நம்ம குடியிருப்போர் சங்கத்தோட இந்த அத்தியாயத்துல குப்பை பிரிக்கிறதைப் பத்திப் பேசப் போறேன். போன மாசக் கூட்டத்துல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க: "மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு சொல்றீங்க, சரி. ஆனா கையில ஒரு பால் பாக்கெட்டை வெச்சுக்கிட்டு நிக்கும்போது அதை எதுல போடுறது?" அதனால இன்னைக்கு பெரிய விளக்கம் எதுவும் இல்லாம, ஒரு வீட்டுல ஒரு நாள்ல சேரும் குப்பையை எடுத்து ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல அடிப்படை. திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி குப்பையை வீட்டிலேயே பிரிச்சுக் கொடுக்கணும். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி. பேட்டரி, பல்பு மாதிரி ஆபத்தான பொருட்கள் இந்த ரெண்டுலயும் சேராது, தனி. நிறத்தை மறந்தாலும் பரவாயில்லை. நான் எல்லாருக்கும் சொல்றது ஒரே ஒரு விஷயம்தான்: பச்சைத் தொட்டிக்குள்ள பிளாஸ்டிக் போகக் கூடாது, நீலத் தொட்டிக்குள்ள ஈரம் போகக் கூடாது. மத்த எல்லாமே இதிலிருந்து வருது.

இப்ப நாலு பேர் இருக்கும் வீடு ஒண்ணை எடுத்துக்கலாம். காலையில காபி போட்ட தூள், டீத்தூள், காய்கறித் தோல், கறிவேப்பிலைக் காம்பு, முட்டை ஓடு, மிஞ்சின சோறு, சாமி படத்துக்குப் போட்ட வாடின பூ. இதெல்லாம் யோசிக்காம பச்சைத் தொட்டிக்குப் போகலாம். பூமாலையில நூல் இருந்தா உருவிட்டுப் போடுங்க, ஏன்னா நைலான் நூல் மக்காது. வாழை இலை, மீன் செதில், கோழி எலும்பு எல்லாம் பச்சைதான். தேங்காய் சிரட்டையும் இளநீர் மட்டையும் மக்கும்தான், ஆனா ரொம்ப நாளாகும். அதை நம்ம தோட்டக் குப்பையோட தனியா வெச்சுடுங்க.

அடுத்து அந்தப் பால் பாக்கெட். அது நீலத் தொட்டி. ஆனா வெட்டும்போது மூலையைத் துண்டா வெட்டி எடுத்துடாதீங்க. பாதி வெட்டி, துண்டு பாக்கெட்டோடவே தொங்குற மாதிரி விட்டுடுங்க. அந்தச் சின்ன முக்கோணத் துண்டுதான் காய்கறித் தோலோட சேர்ந்து உரத்துக்குள்ள போயிடுது. அப்புறம் உரத்தைச் சலிக்கும்போது அதைக் கையால பொறுக்க வேண்டியிருக்கு. காலி பாக்கெட்டை பாத்திரம் கழுவுற தண்ணியில ஒரு தடவை அலசி, சமையலறை ஜன்னல்ல தொங்கவிட்டுக் காய வெச்சா போதும். அதுக்காகத் தனியா தண்ணி செலவு பண்ண வேண்டாம். தயிர் கப், மாவு பாக்கெட், எண்ணெய் கவர் எல்லாத்துக்கும் இதே வழிதான். எண்ணெய் கவரை மட்டும் ஒரு பழைய செய்தித்தாளால துடைச்சுட்டு அலசுங்க. துடைச்ச தாளை பச்சைத் தொட்டியிலயே போட்டுடலாம்.

குழப்பம் வர்றது ஓட்டல் பார்சல்லதான். சாம்பார் கவருக்குள்ள மிஞ்சினதை பச்சையில கொட்டிட்டு, கவரை அலசி நீலத்துல போடுங்க. பீட்சா வந்த அட்டைப்பெட்டியில மேல் மூடி காய்ஞ்சு சுத்தமா இருக்கும், அதைக் கிழிச்சு நீலத்துல போடுங்க. எண்ணெய் ஊறின அடிப்பக்கம் காகிதக் கடைக்குப் பயன்படாது, அதைத் துண்டாக்கி பச்சையில போடுங்க. கை துடைச்ச டிஷ்யூவும் பச்சைதான். ஜூஸ் டப்பா வெளியில காகிதம் மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருக்கு. அதை அலசி, அமுக்கித் தட்டையாக்கி நீலத்துல போடணும்.

ரெண்டு தொட்டியிலயும் வெறுமனே போடக் கூடாத பொருட்களும் உண்டு. டயப்பர், சானிட்டரி நாப்கின் இதையெல்லாம் செய்தித்தாள்ல இறுக்கிச் சுத்தி, மேலே சிவப்பு மையால ஒரு குறி போட்டு, தனியா கையில கொடுங்க. உடைஞ்ச கண்ணாடி, பிளேடு இருந்தா தடிமனான அட்டையில சுத்திக் கொடுங்க. பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மாத்திரை, கொசு மருந்து டப்பா இதுக்கெல்லாம் வீட்டுல ஒரு பழைய டப்பா வெச்சு சேர்த்துக்கிட்டே வாங்க. மாசத்துக்கு ஒருமுறை கொடுத்தா போதும்.

இப்ப எங்க தப்பாகுதுன்னு சொல்றேன். நிறைய வீடுகள்ல எல்லாத்தையும் சரியாகத்தான் பிரிக்கிறாங்க. ஆனா கடைசியில ஈரக் குப்பையை பிளாஸ்டிக் கவருல போட்டு முடிச்சு போட்டுக் கொடுத்துடறாங்க. முடிச்சு போட்ட கவருக்குள்ள காத்து போகாது. காத்து இல்லாம அழுகினா நாத்தம் வரும், தண்ணி விடும். அந்தக் கவரை ஒவ்வொண்ணா கிழிச்சு உள்ளே இருக்கிறதைக் கொட்டுறது தூய்மைப் பணியாளரோட கைதான். அந்தக் கவருக்குள்ள ஒரு உடைஞ்ச டம்ளர் இருந்தா கை கிழியும். அதனால தொட்டியோட அடியில ரெண்டு தாள் செய்தித்தாள் விரிச்சு, கவரே இல்லாம அப்படியே கொண்டு வந்து கொட்டிடுங்க. ரசம், சாம்பார் மாதிரி தண்ணியா இருக்கிறதை சிங்க்ல வடிகட்டியை வெச்சு வடிச்சுட்டுப் போட்டீங்கன்னா தொட்டியில சொட்டாது.

நீலப் பக்கம் தப்பு வேற மாதிரி. ஒரு டம்ளர் தயிர் கொட்டினா போதும், பையில இருக்கும் மொத்தக் காகிதமும் நனைஞ்சுடும். நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச காகிதத்தைப் பழைய பேப்பர் கடையில வாங்க மாட்டாங்க. விலைக்குப் போக வேண்டியது கடைசியில கிடங்குக்குப் போகும்.

சரியா பிரிச்சோமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நீலப் பையைத் தூக்கி உதறுங்க. சலசலன்னு சத்தம் வரணும், மூக்குக்கிட்ட கொண்டு போனா நாத்தம் வரக் கூடாது. பச்சைத் தொட்டியை மேலேயிருந்து பாருங்க, பளபளன்னு எதுவும் மின்னக் கூடாது. உரத் தொட்டியில சேர்ந்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினா ஒண்ணு ரெண்டு சொட்டுதான் வரணும். ஒழுகினா தண்ணி அதிகம், காய்ஞ்ச இலையோ தென்னை நார்க் கழிவோ கலந்து கிளறிவிடணும்.

"நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் ஒரே வண்டியில கொட்டிடறாங்களே"ன்னு சிலர் கேட்கறீங்க. நியாயமான கேள்வி. வண்டியில தனித்தனி அறை இருக்கான்னு நின்னு பாருங்க. இல்லாம கலந்தாங்கன்னா, வண்டி நம்பரையும் தேதியையும் குறிச்சு சங்கத்துக்கிட்ட சொல்லுங்க, நாங்க புகார் கொடுப்போம். ஆனா ஈரக் குப்பையை நம்ம வளாகத்துலயே உரமாக்கிட்டா அந்தக் கேள்வியே பாதி குறையும், வெளியே போறது காய்ஞ்சது மட்டும்தானே.

கடைசியா ஒண்ணு. பல வீடுகள்ல குப்பையைத் தொட்டியில போடுறது நீங்க இல்ல, வீட்டு வேலைக்கு வர்ற அக்காதான். அதனால இதைக் கேட்டுட்டு அவங்ககிட்டயும் ஒரு தடவை காட்டிச் சொல்லுங்க. ரெண்டு தொட்டி மேலயும் பால் பாக்கெட் படம், வாழைப்பழத் தோல் படம் ஒட்டி வெச்சா படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரிஞ்சிடும். சந்தேகம் வந்தா சங்கத்துல கேளுங்க. அடுத்த அத்தியாயத்துல சந்திக்கலாம்.