ஆறில் ஐந்து விதைநெல்

(வில்லாபுரத்தில் நடந்த ஆசிரியர் குறுவள மையக் கூட்டத்தில் தாவரவியல் முதுகலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்ட கேள்வியோடு தொடங்குகிறேன். "காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை அஞ்சு கார்பன் உள்ள ஒரு பொருள் பிடிச்சுக்கிடுதுன்னு சொன்னீங்க சார். பிடிச்சதும் அது உடைஞ்சு போகுது. அப்ப அடுத்த தடவை பிடிக்கிறதுக்கு எங்கேயிருந்து வரும்?" பாடநூல் இதற்கு 'மீளுருவாக்கம்' என்ற ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்கிறது. கால்வின் சுழற்சியின் பெரும்பகுதி வேலை அந்தச் சொல்லுக்குள்தான் நடக்கிறது. இன்று அதை மட்டும் பார்ப்போம்.

பிடித்துக்கொள்ளும் பொருளின் பெயர் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட். ஐந்து கார்பன், இரு முனையிலும் பாஸ்பேட். இதை ஏற்பி என்போம். ரூபிஸ்கோ என்னும் நொதி இதனோடு ஒரு கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கிறது. ஆறு கார்பனாகும் அந்தப் பொருள் நிலைப்பதில்லை. உடனே இரண்டாகப் பிளந்து, மூன்று கார்பன் கொண்ட பாஸ்போகிளிசரிக் அமிலம் இரண்டு கிடைக்கிறது. ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் செலவாகி அந்த அமிலம் மூன்று கார்பன் சர்க்கரையாகிறது. இதுவரை நாம் எல்லோரும் நடத்துகிறோம்.

இனி வகுப்பில் புளியங்கொட்டையை எடுங்கள். நம் பக்கத்துப் பேச்சில் புளியமுத்து. ஒரு முத்து ஒரு கார்பன். மூன்று ஏற்பிகள், அதாவது ஐந்தைந்தாக மூன்று குவியல். ஒவ்வொன்றிலும் காற்றிலிருந்து வந்ததாக ஒரு முத்தைப் போட்டு, இரண்டு மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மொத்தம் பதினெட்டு முத்து, ஆறு சிறு குவியல். இதில் எத்தனை குவியலைச் செடி தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்?

பெரும்பாலான பிள்ளைகள் மூன்று என்பார்கள். சிலர் ஐந்து என்பார்கள். சரியான விடை ஒன்றே ஒன்று. மீதி ஐந்து குவியல், பதினைந்து முத்து, மறுபடியும் மூன்று ஏற்பியாக மாற வேண்டும். உழவர் வீட்டில் விளைந்ததில் கொஞ்சத்தை விதைநெல்லாக ஒதுக்குவார்கள். இலையின் கணக்கு தலைகீழ்: ஆறில் ஐந்து பங்கு விதைநெல், ஒரு பங்கே சாப்பாடு.

ஐந்து மூன்றுகளை மூன்று ஐந்துகளாக்குவது எப்படி? "ஒரு மூன்றை உடைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடலாமே" என்று பிள்ளைகள் கை நீட்டுவார்கள். அனுமதிக்காதீர்கள். ஒற்றைக் கார்பனைக் கழற்றி மாட்டும் நொதி இந்தச் சுழற்சியில் கிடையாது. இருப்பவை இரண்டு கைகள்தாம். ஒரு கை (ஆல்டோலேஸ்) மூன்று கார்பன் குவியல் ஒன்றை இன்னொரு குவியலோடு முழுதாக ஒட்டும். மற்றக் கை (டிரான்ஸ்கீட்டோலேஸ்) எப்போதும் இரண்டிரண்டு முத்தாகத்தான் எடுத்து மாற்றும்.

இந்த விதியோடு ஆடிப் பாருங்கள். மூன்றும் மூன்றும் ஒட்டினால் ஆறு. அந்த ஆறிலிருந்து இரண்டை எடுத்து இன்னொரு மூன்றுக்குக் கொடுத்தால், அது ஐந்தாகிறது. ஆறு நான்காக இளைக்கிறது. முதல் ஐந்து கிடைத்தாயிற்று. நான்கோடு அடுத்த மூன்றை ஒட்டினால் ஏழு. ஏழிலிருந்து இரண்டை எடுத்துக் கடைசி மூன்றுக்குக் கொடுத்தால் ஐந்தும் ஐந்தும். ஒரு முத்துகூட வீணாகவில்லை. ஏழு கார்பன் சர்க்கரை (செடோஹெப்டுலோஸ்) ஏன் இந்தப் படத்தில் வருகிறது என்று நம்மில் பலர் மனப்பாடம் செய்த காலத்தில் யோசித்திருப்போம். இரண்டிரண்டாக மட்டுமே மாற்ற முடியும் என்ற கட்டுப்பாட்டில் அது இல்லாமல் கணக்கு நேராகாது. கடைசியில், கிடைத்த ஒவ்வொரு ஐந்துக்கும் ஓர் ஏடிபி செலவழித்து இரண்டாவது பாஸ்பேட்டைச் சேர்த்தால்தான் அது ஏற்பி. மூன்று கார்பன் டை ஆக்சைடுக்கு ஒன்பது ஏடிபி என்று படிக்கிறோமே, அதில் மூன்று இங்கே போகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வேதியியல் பெயர்களை விட்டுவிட்டு இதைக் கணக்கு விளையாட்டாகவே நடத்தலாம்.

இப்போது ஆட்டத்தைக் கெடுத்துப் பாருங்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு குவியலை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது பன்னிரண்டு முத்து; இரண்டு ஏற்பிக்கு மேல் தேறாது. அடுத்த சுற்றில் இரண்டு கார்பன் டை ஆக்சைடைத்தான் பிடிக்க முடியும். இப்படியே போனால் ரூபிஸ்கோ நிறைய இருந்தும், காற்று இருந்தும், பிடிக்க ஆளில்லாமல் சுழற்சி நின்றுவிடும். இது வெறும் கற்பனையன்று. பசுங்கணிகத்தின் உறையில் ஒரு கடத்துப் புரதம் இருக்கிறது. அது ஒரு மூன்று கார்பன் சர்க்கரையை வெளியே விட்டால் பதிலுக்கு ஒரு பாஸ்பேட்டை உள்ளே வாங்கும். பசுங்கணிகங்களைத் தனியே பிரித்து, பாஸ்பேட் மிகுந்த கரைசலில் வைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி வெளியேறுகிறது, ஒளிச்சேர்க்கை தடைபடுகிறது. இங்கிலாந்தில் டேவிட் வாக்கர் போன்றோர் பசலைக்கீரைப் பசுங்கணிகங்களில் இதைக் காட்டினார்கள். பாஸ்பேட் மிகக் குறைந்தாலும் ஏடிபி செய்ய வழியின்றி வேலை நின்றுவிடும்.

முதல் ஏற்பி எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். வெறுங்காற்றிலிருந்து வரவில்லை. முளைக்கும் விதை தன் சேமிப்பை உடைத்துச் சர்க்கரை பாஸ்பேட்டுகளைச் செய்துகொள்கிறது. அந்தக் கைமுதலோடு சுழற்சி தொடங்குகிறது. ஏற்பியைப் பெருக்க வேண்டிய நேரத்தில் அந்த ஆறாவது பங்கையும் இலை வெளியே விடாமல் உள்ளேயே போட்டுக்கொள்ள முடியும்.

ஏற்பி இதுதான் என்று எப்படிக் கண்டார்கள்? அமெரிக்காவின் பெர்க்லியில் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் ஆகியோர் கதிரியக்கக் கார்பன்-14ஐப் பாசிக்குக் கொடுத்து, சில வினாடிகளில் சூடான ஆல்கஹாலில் கொட்டி வினையை நிறுத்தினார்கள். முதலில் தெரிந்தது மூன்று கார்பன் அமிலம். மூன்றில் ஒன்று புதிது, ஆகவே ஏற்பிக்கு இரண்டு கார்பன் என்று தேடினார்கள். அப்படி ஒன்று அகப்படவில்லை. விடையைத் தந்தவை 1950களில் நடந்த இரண்டு எளிய சோதனைகள். விளக்கை அணைத்தபோது மூன்று கார்பன் அமிலம் கூடியது, ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் சரிந்தது. விளக்கை எரியவிட்டுக் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்தபோது நேர்மாறாக, ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் கூடியது, அமிலம் குறைந்தது. ஒன்று செலவாகி மற்றது பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? 1961இல் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பென்சனுக்கும் பாஷமுக்கும் அதில் பங்கில்லை. வகுப்பில் கால்வின்-பென்சன் சுழற்சி என்று சொல்வதே நியாயம் என்பது என் கருத்து.

அந்த முதல் சோதனையே நம் கரும்பலகையில் உள்ள ஒரு சொல்லையும் கேள்வி கேட்கிறது. 'இருள் வினை' என்று எழுதுகிறோம். பிள்ளைகள் இரவில் நடப்பது என்று எழுதி வைக்கிறார்கள். விளக்கை அணைத்தால் ஏற்பி சரிகிறது என்பதைத்தான் பார்த்தோம். காரணம் ஏடிபி தீர்வது மட்டுமன்று. ஆறு கார்பன், ஏழு கார்பன் சர்க்கரைகளிலிருந்து ஒரு பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளும், கடைசியில் பாஸ்பேட் சேர்க்கும் நொதியும் ஒளியில்தான் முழுதாக விழித்திருக்கும். ஒளியால் கிளம்பும் எலக்ட்ரான்கள் தையோரிடாக்சின் என்னும் சிறு புரதம் வழியே வந்து அவற்றைத் திறக்கின்றன. இருட்டில் அவை மூடிக்கொள்கின்றன. மூடாவிட்டால் இரவில் ஒரு பக்கம் மாவுச்சத்தை உடைப்பதும் மறுபக்கம் அதைக் கட்டுவதுமாக ஏடிபி வீணாகும். ஆகவே 'கார்பன் நிலைநிறுத்தும் வினை' என்று சொல்லிப் பழக்குங்கள். தேர்வு வினாவில் பழைய பெயர் வரலாம் என்பதால் அதையும் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

வைகைப் பாசன நெல்லானாலும், திருமங்கலம் கரிசலில் நிற்கும் சோளமானாலும் இந்தச் சுழற்சி ஒன்றே. சோளம் முன்னால் ஒரு பம்பை வைத்து ரூபிஸ்கோவின் பக்கம் கார்பன் டை ஆக்சைடை அழுத்திக் கொடுக்கிறது, அவ்வளவே. நிழலில் நீண்ட நேரம் இருந்த தொட்டிச் செடியை வெயிலில் வைத்தால் அது உடனே முழு வேகத்தில் வேலை செய்வதில்லை. சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் நொதிகள் திறக்கின்றன, இலைத்துளைகள் விரிகின்றன, குறைந்திருந்த ஏற்பி சுற்றுக்குச் சுற்று கூடுகிறது.

குழுவுக்குப் பதினெட்டு முத்து போதும். புதிதாகச் சேரும் மூன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆடியபின் அந்த வெள்ளை முத்துகள் எந்தெந்தக் குவியலில் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லலாம். பெர்க்லியில் கார்பன்-14ஐ வைத்து எண்ணியதும் அதைத்தான்.