முதல் மாதப் பணம் யாருடையது?



கொங்கு மண்ணில் நின்று முதலீட்டு மோசடிப் பேச்சை எடுத்தால் ஈமுக்கோழியை விட்டுவிட்டுப் போக முடியாது. சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்காதவர்கள் வீட்டுத் தோட்டத்தில் அந்தக் கொட்டகைத் தூண் இன்னும் நிற்கிறதோ என்னவோ.

2012 ஆகஸ்டில் பெருந்துறைப் பக்கம் அந்தத் தொழில் கவிழ்ந்தது. அதுவரை சொல்லப்பட்ட திட்டம் இதுதான்: ஒன்றரை லட்சம் கட்டுங்கள், ஆறு குஞ்சு தருகிறோம், கொட்டகையும் தீவனமும் எங்கள் பொறுப்பு. பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 போனஸ், இரண்டு ஆண்டு முடிந்ததும் கட்டிய பணமும் திரும்ப வரும். தொலைக்காட்சியில் நடிகர்கள் வந்து சொன்னார்கள். நடிகருக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 72,000, போனஸோடு 92,000. வட்டி என்று எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு அறுபதுக்கு மேல். ஆறு பறவைகள் இதைச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும், தீவனச் செலவு தனி. ஆனால் ஈமு முட்டையிட ஏறக்குறைய இரண்டு வயது ஆக வேண்டும். கறிக்கு வெட்டுவதென்றாலும் ஒரு வயது தாண்ட வேண்டும். குஞ்சு வந்த முதல் மாதமே 6,000 ரூபாய் கைக்கு வந்ததே, அதை எந்தக் கோழி சம்பாதித்தது?

ஐயா, அது நீங்கள் கட்டிய பணம். ஒன்றரை லட்சத்தை எடுத்து மாதம் ஆறாயிரமாக உங்களுக்கே கொடுத்தால், போனஸையும் சேர்த்துக்கூட ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாராளமாக ஓட்டலாம். தொழிலே நடக்க வேண்டியதில்லை. "எனக்கு ஒழுங்காக வருதுங்க" என்று மாமன் மச்சானிடம் நீங்கள் சொன்னது பொய் இல்லை. அந்த உண்மையை நம்பித்தான் அவர்கள் அடுத்த ஒன்றரை லட்சத்தைக் கொண்டுவந்தார்கள். புதிய வரவு குறைந்ததும் பணமும் நின்றது, தீவனமும் நின்றது. கொட்டகையில் பறவைகள் பட்டினி கிடக்க, அரசு தலையிட்டுத் தீவனம் போட வேண்டியதாயிற்று.

அதனால், பணம் ஒழுங்காக வருகிறதா என்ற கேள்வி உதவாது. சேர்ந்தவர்கள் கட்டிய பணத்தைத் தவிர, வெளியிலிருந்து இந்தத் தொழிலுக்குள் காசு கொண்டுவருவது யார்? ஈமுத் திட்டத்தில் சேரும்போது இதைக் கேட்டிருந்தால், அந்தக் கறியை வாங்கித் தின்கிறவர் நம் ஊர்ச் சந்தையில் யாரும் இல்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

இன்று கோழி போய்க் கைப்பேசி அழைப்பு வந்திருக்கிறது. 6,000 ரூபாய் கட்டிச் சேருங்கள், ஒரு சத்துமாவு டப்பா தருகிறோம், இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்கிறார்கள். அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போங்கள். சேர விருப்பமில்லாத ஒருவர் அதே விலைக்கு வாங்குவாரா? வாங்கமாட்டார் என்றால் விற்கப்படுவது மாவு இல்லை, உங்கள் சொந்தபந்தம். ஒருவருக்குக் கீழ் இருவர் என்று வளரும் சங்கிலி எந்த வரிசையோடு அறுந்தாலும், சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆளே கிடையாது.

இப்படி ஆள் சேர்ப்பதற்குக் காசு கொடுக்கும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. நேரடி விற்பனைக்கான 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பனையாளராகச் சேர வருகிறவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே சேர்க்கைக் கட்டணம் என்று ஒருவர் வாயெடுத்த இடத்திலேயே நீங்கள் எழுந்துவிடலாம். உடனே சுவரில் மாட்டிய கம்பெனிப் பதிவுச் சான்றிதழையும் ஜிஎஸ்டி எண்ணையும் காட்டுவார்கள். பெட்டிக்கடைக்காரரும் ஜிஎஸ்டி எண் வாங்கலாம். மக்களிடம் டெபாசிட் வாங்க அது அனுமதி ஆகாது. அந்த அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் பார்க்கலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களும் இங்கே இருப்பீர்கள். போட்டதை எடுக்க இன்னும் இரண்டு பேரைச் சேர்க்காதீர்கள். நாளைக்கு அவர்கள் கொடுக்கும் புகாரில் உங்கள் பெயரும் இருக்கும். ரசீது, ஒப்பந்தப் பத்திரம், வங்கிக் கணக்கில் பணம் போன விவரம், வாட்ஸ்அப் குழுவில் வந்த வாக்குறுதிகள் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். கம்பெனி இன்னும் நடக்கும்போதே கொடுங்கள். சொத்து மிச்சமிருந்தால்தான் முடக்க முடியும். தீர்ப்புக்குக் காத்திருந்தால் ஆண்டுகள் ஓடிவிடும்: திருப்பூர் அந்நியச் செலாவணி மோசடி 2009இல் வெளிப்பட்டது, கோவை நீதிமன்றம் தண்டனை விதித்தது 2022இல்.