பழஞ்சோறும் தயிரும் வயிற்றுக்கு என்ன செய்கின்றன?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



தேற்றாத்தீவில் வளர்ந்த எங்களுக்குப் புளித்த உணவைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வாவிக்கு அக்கரையில் படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிர் முட்டியும், குசினி மூலையில் இருந்த பழஞ்சோற்றுப் பானையும் எங்களோடு கூடவே வளர்ந்தவை. ஆனால் இப்போது கிளினிக்கில் இருந்து பார்க்கும்போது, அந்தப் பானையிடம் சிலர் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிகிறது. ஒரு கதையோடு தொடங்குகிறோம்.

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி கிளினிக்குக்கு வந்தாள். ஹீமோகுளோபின் 9.1. கர்ப்ப காலத்தில் 11-க்குக் குறையக் கூடாது. இரும்புக் குளிசை கொடுத்துத்தான் இருந்தது. "குடிக்கிறியா புள்ள?" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டாள். "அது குடிச்சா வயித்தைப் பிரட்டுது டொக்டர். மலமும் இறுகுது. மாமி சொன்னா பழஞ்சோத்தில அதைவிடக் கூட இரும்பு இருக்காம் எண்டு" என்றாள். கைத்தொலைபேசியையும் எடுத்துக் காட்டினாள். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு, ஓர் இரவு ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிவிடும் என்று அதில் இருந்தது. உங்களில் பலருக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும்.

விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் படித்ததை வைத்தே இதைச் சோதிக்கலாம். இரும்பு ஒரு மூலகம். பற்றீரியாவால் அதை உண்டாக்க முடியாது. இரவு மூடி வைத்த பானைக்குள் காலையில் இரும்பு இருபது மடங்கானால், அது தண்ணீரிலிருந்தோ பானையிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். அவள் வீட்டுப் பானையோ அலுமினியம். தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்புதான் உண்டு. ஊறினாலும் அது அவ்வளவுதான்.

அப்படியானால் புளிப்பதால் ஒன்றுமே நடப்பதில்லையா? நடக்கிறது. தானியத்தின் தவிட்டிலும் பருப்பிலும் பைற்றிக்கமிலம் என்ற ஒன்று இரும்பைப் பிடித்து வைத்திருக்கிறது. புளிப்பு ஏறும்போது அதில் ஒரு பகுதி உடைந்து, இருக்கிற இரும்பு குடலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. தவிடு நீங்கிய வெள்ளை அரிசியில் பிடித்து வைத்திருப்பதும் குறைவு, விடுவிப்பதற்கு இருப்பதும் குறைவு. இந்த நன்மை கூடுதலாகக் கிடைப்பது தவிடுள்ள சிவப்பரிசியிலும் உழுந்து சேரும் தோசைமாவிலும்தான்.

அவளுடைய காலைச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டோம். பழஞ்சோறு, அதற்குள் தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். உடனே ஒரு பிளேன்ரீ. குளிசை குடித்த நாட்களிலும் அந்த ரீயோடுதான் குடித்திருக்கிறாள். தேயிலையும் இரும்பைத் தடுக்கும், தயிரின் கல்சியமும் தடுக்கும். குமட்டலைத் தாங்கிக் குடித்த குளிசையில் பாதிப் பயன் அப்படியே போயிருக்கும். பழஞ்சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. குளிசையை மட்டும் இரவுக்கு மாற்றினோம். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப் போகுமுன், தேசிக்காய்த் தண்ணீரோடு. கல்சியக் குளிசை பகலில். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்படாதே என்றும் சொன்னோம். நான்கு கிழமையில் 10.2 வந்தது.

இட்டலிக்கும் தோசைக்கும் வருவோம். உழுந்தும் அரிசியும் அரைத்து வைத்த மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் இலற்றிக்கமில வகைப் பற்றீரியாக்கள். மாவில் அவை கோடிக்கணக்கில் உயிரோடு இருக்கின்றன. இட்டலிச் சட்டியில் பத்து நிமிடம் ஆவியில் வெந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இட்டலி "நல்ல பற்றீரியா" தரும் உணவு என்பது சரியல்ல. செமிக்க இலேசானது, உழுந்தின் புரதம் அதில் உண்டு. நோயாளிக்கு அதைக் கொடுக்க அந்தக் காரணங்களே போதும்.

தயிரின் கதை வேறு. வேகவைக்காமல் உண்பதால் அதன் பற்றீரியாக்கள் உயிரோடு குடலுக்குப் போகின்றன. அவை செய்வதாக நன்றாக நிறுவப்பட்ட வேலை ஒன்று உண்டு. பாலில் இலற்றோசு என்ற வெல்லம் இருக்கிறது. வயது ஏற ஏற எங்களில் பலருக்கு அதைச் செமிக்கும் நொதியம் குறைகிறது. பால் குடித்து ஒரு மணித்தியாலத்தில் வயிறு ஊதி, இரைந்து, இளகிப் போவது அதனால்தான். தயிராகும்போதே பற்றீரியா அந்த வெல்லத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மீதியைக் குடலுக்குள் போன பிறகும் அதன் நொதியம் உடைத்துக்கொடுக்கிறது. பால் ஒத்துவராத அம்மா அப்பாவுக்குத் தயிர் ஒத்துவருவது இதனால்தான்.

ஆனால் மோர்க்குழம்பைக் கொதிக்க வைத்தால் அவை செத்துப்போகும். ஆவி பறக்கிற சோற்றில் தயிரைக் கொட்டினாலும் பெரும்பகுதி அழிந்துவிடும். கைச்சூட்டுக்குச் சோறு ஆறட்டும். இன்னொன்று, அவை எங்கள் குடலில் குடியிருப்பதில்லை. சில நாட்களில் கடந்து போய்விடும். மாதத்தில் ஒரு நாள் ஒரு முட்டித் தயிரை முடிப்பதைவிடத் தினமும் ஒரு சிறு கோப்பை மேல். முட்டித் தயிருக்குக் கித்துள் பாணியை எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று சலரோகக்காரரிடம் கேட்டால் மட்டும் சரியான பதில் வருவதில்லை!

பழஞ்சோற்றிலும் உயிருள்ள பற்றீரியா உண்டு. ஆறிய சோற்றின் மாப்பொருளில் கொஞ்சம் இறுகி, சிறுகுடலில் செமிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணங்கிகளுக்கு உணவாகிறது. அவை அதை மாற்றித் தரும் அமிலங்கள் குடற்சுவருக்கு நல்லவை. ஆனால் அளவு சிறிது. சலரோகம் உள்ளவர் "பழஞ்சோறுதானே" என்று இரண்டு கோப்பை சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது அதைச் செய்யும் முறையைப் பற்றி. அரிசியோடு வரும் ஒரு வகைப் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. பகல் வடித்த சோற்றை எங்கள் ஊர் வெக்கையில் மாலை வரை சட்டியில் கிடக்க விட்டால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். இரவு தண்ணீர் ஊற்றினாலும், காலையில் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு ஓரிரு மணித்தியாலத்தில் வாந்தி தொடங்கும். ஆகவே இரவுச் சோற்றை வடித்ததும் பரப்பி ஆறவிட்டு, தாமதிக்காமல், கொதித்தாறிய தண்ணீரில் முழுதாக மூழ்க வைத்து மூடுங்கள். விடியும்போது சுத்தமான புளிப்பு மணம் வர வேண்டும். பிசுபிசுத்து நூல் இழுத்தாலோ, அழுகல் மணம் வந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். நஞ்சுக்கு நிறமும் மணமும் கிடையாது என்பதால் மணிக்கூட்டையும் பாருங்கள். காலைச் சாப்பாட்டோடு பானை காலியாக வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பழஞ்சோறு வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்குச் சுகப்பிரசவம். போன மாதம் குழந்தையோடு வந்தாள். ஆறு மாதம் முடிந்துவிட்டது, தயிர்ச்சோறு கொடுக்கலாமா என்று மாமி கேட்டு அனுப்பியிருந்தாராம். கொடுக்கலாம், அன்றைக்கு வடித்த சோற்றைக் குழைய மசித்து, சீனியும் உப்பும் போடாமல் என்று சொல்லி அனுப்பினோம்.